மழையை அளக்கப் புதியவர் வந்தால்…

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாளிதழைப் புரட்டினால் ஒரு நீண்ட பட்டியலைக் காணலாம். ஆதனக்கோட்டை, பெருங்களூர், அன்னவாசல், விராலிமலை, கீழாநிலை, மீமிசல், மணமேல்குடி என்று புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே இத்தனை மில்லிமீட்டர் மழை என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் எப்படிக் கிடைக்கிறது? யாரோ ஒருவர் மழைமானியின் அருகே சென்று, உள்ளே சேர்ந்த நீரை அளந்து, பதிவேட்டில் எழுதியிருக்கிறார். தானியங்கிக் கருவிகள் இப்போது பல இடங்களில் வந்துவிட்டன. ஆனாலும் கையால் அளக்கும் மழைமானி இன்னும் ஓய்வு பெறவில்லை.

மாணவ நண்பர்களே, நாள்தோறும் மழை அளப்பவர் ஒருநாள் விடுப்பில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று பார்த்து இரவெல்லாம் அடைமழை. அலுவலகத்தில் முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தலையில் பொறுப்பு விழுகிறது. சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "தினமும் காலையில் மழைமானியிலுள்ள நீரை அளந்து பதிவேட்டில் எழுதவும்."

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை; செய்திப் பிழையும் இல்லை. வேலை தெரிந்தவர் படித்தால் தலையாட்டுவார். ஆனால் தெரியாதவருக்கு இது ஒன்றையும் சொல்லவில்லை. இதையே புதியவர் பார்த்துச் செய்யக்கூடிய ஒரு செயல்முறைக் குறிப்பாக மாற்ற முடியுமா என்று பார்ப்போம். அதற்கு இந்த வாக்கியத்தின் மூன்று சொற்களைச் சற்றே உலுக்கிப் பார்த்தால் போதும்.

முதற்சொல் 'காலையில்'. காலை என்பது ஆறு மணியா, பத்து மணியா? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முறைப்படி நாடு முழுவதும் காலை 8.30 மணிக்கு மழை அளக்கப்படுகிறது. உலகப் பொது நேரப்படி அது 3 மணி. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் அன்னவாசல் மழையையும் மணமேல்குடி மழையையும் ஒப்பிட முடியும். ஒருவர் ஏழு மணிக்கு அளந்துவிட, ஏழரைக்கு மழை கொட்டினால், அந்த மழை மறுநாள் கணக்கில் போய்ச் சேரும்.

இரண்டாவது சொல் 'அளந்து'. வம்பு இங்கேதான் அதிகம். மழையை மில்லிமீட்டரில் சொல்கிறோம். பாட்டிலில் இருப்பதோ இத்தனை மில்லிலிட்டர் நீர். இரண்டையும் இணைப்பது மழைமானியின் வாய்ப் பரப்பு. வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 மி.மீ. மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். 100 சதுர சென்டிமீட்டர் என்றால் 10 மில்லிலிட்டர்தான். சைமன்ஸ் மழைமானி என்னும் பழைய வகைக்கு வாயின் விட்டம் 127 மி.மீ.; அதன் பரப்பை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 126.7 சதுர சென்டிமீட்டர் வரும். ஆகவே அதில் 1 மி.மீ. மழை என்பது 12.67 மில்லிலிட்டர்.

மழைமானியுடன் வரும் கண்ணாடி அளவுக் குவளையில் இந்தக் கணக்கைப் போட்டே மில்லிமீட்டர் கோடுகளைக் கீறியிருப்பார்கள். எனவே ஒவ்வொரு வகை மழைமானிக்கும் அதற்கே உரிய குவளை வேண்டும். அலுவலக அலமாரியில் பழைய குவளையும் புதிய குவளையும் அருகருகே இருந்தால் என்ன ஆகும்? நம் புதியவரின் மழைமானி 200 சதுர செ.மீ. வகை, பாட்டிலில் 928 மில்லிலிட்டர் நீர் இருக்கிறது. சரியான குவளையில் அது 46.4 மி.மீ. சைமன்ஸ் குவளையில் அளந்தால் 73.2 மி.மீ. 100 சதுர செ.மீ. வகைக் குவளையில் அளந்தால் 92.8 மி.மீ., அதாவது சரியாக இருமடங்கு! வானிலைத் துறையின் வரையறையில் 64.5 மி.மீ. முதல் 'கனமழை'. ஆக, நீர் ஒன்றுதான்; குவளை மாறியதால் சாதாரண மழை கனமழையாகிவிட்டது.

இதனால் என்ன நட்டம் என்கிறீர்களா? ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது பத்து லட்சம் லிட்டர் நீர். பத்துச் சதுர கிலோமீட்டரிலிருந்து ஒரு கண்மாய்க்கு நீர் வருகிறது என்றால், 46.4 மி.மீ. பிழை என்பது 46 கோடியே 40 லட்சம் லிட்டர் பெய்யாத மழையைப் பெய்ததாகக் காட்டும். பெய்வதெல்லாம் கண்மாய்க்கு வந்து சேராது, உண்மை. ஆனால் கணக்கு தொடங்கும் எண்ணே தவறாகிவிடுகிறது. வறட்சியை மதிப்பிடும்போதும் மழைக்குறைவு எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். கூடுதலாக எழுதப்பட்ட மழை, காய்ந்த வயலைக் காகிதத்தில் நனைத்துவிடும்.

மூன்றாவது சொல் 'எழுதவும்'. எந்தத் தேதியில்? 2018 நவம்பர் 15 இரவு கஜா புயல் வந்தது நினைவிருக்கலாம். 16ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. 15ஆம் தேதி காலை 8.30க்குப் பின் தொடங்கி 16ஆம் தேதி காலை 8.30 வரை பெய்த மழை முழுவதும் இந்திய முறைப்படி 16ஆம் தேதிக் கணக்கு. அளந்த நாளே பதிவு நாள். பெரும்பகுதி முந்தின நாள் பெய்திருந்தாலும் அப்படித்தான்.

இங்கே ஒரு சுவையான செய்தி. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பவர் 1860ல் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்து மழையளவு திரட்டத் தொடங்கினார். முதலில் 168 பேர். 1900ல் அவர் மறைந்தபோது மூவாயிரத்துக்கும் மேல். மேலே சொன்ன மழைமானிக்கு அவர் பெயர்தான். முகம் பார்த்திராத இத்தனை பேரும் ஒரே மாதிரி அளக்க வேண்டுமே! அதற்காக அவர் எழுத்தில் விதிகள் வகுத்துக் கொடுத்தார். காலை 9 மணிக்கு அளக்க வேண்டும். அளவை முந்தின நாள் தேதியில் எழுத வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். நம்முடையதற்கு நேர் எதிர்! இரண்டில் எதுவும் தவறில்லை. ஒரு குறிப்பில் இவற்றில் எது என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

எழுதுவதில் இன்னொன்றும் உண்டு. மழையே இல்லாத நாளில் 0.0 என்று எழுத வேண்டும். அளக்காமல் விட்ட நாளில் 'அளக்கவில்லை' என்று எழுத வேண்டும். இரண்டு நாளைக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டால், பின்னால் படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஞாயிறு விட்டுத் திங்கள் அளந்தால், அளவை இரண்டாகப் பங்கிட்டு இரு நாளுக்கும் எழுதுவதும் கூடாது. 'இரு நாள் கூட்டு' என்றே குறிக்க வேண்டும்.

சரி, இப்போது குறிப்பை எழுதிப் பார்ப்போம்.

1. காலை 8.20க்கு மழைமானிச் சாவி, அளவுக் குவளை, காலிப் பாட்டில், சிறு வாளி, பதிவேடு, பேனா ஆகியவற்றை எடுத்துக்கொள்ளவும். குவளையில் '200 ச.செ.மீ.' என்று இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் அந்தக் குவளையில் அளக்க வேண்டாம்.

2. 8.30க்குப் புனலைப் பாருங்கள். இலை அடைத்து நீர் நின்றால், அடைப்பை நீக்கி அந்த நீரைப் பாட்டிலுக்குள் இறங்க விடவும். பிறகு புனலைக் கழற்றவும்.

3. நீருள்ள பாட்டிலை எடுத்து, வெளிக்கலத்தில் வழிந்த நீர் இருந்தால் அதையும் வாளியில் சேர்க்கவும். காலிப் பாட்டிலை உள்ளே வைத்துப் புனலை மாட்டவும்.

4. சமமான மேசையில் குவளையை வைத்து, 20 கோட்டைத் தாண்டாமல் நீரை ஊற்றவும். குனிந்து, கண்ணைக் கோட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீர்ப்பரப்பின் நடுவே குழிந்திருக்கும் அடிமட்டத்தைப் படிக்கவும். எண்ணை எழுதிய பிறகே அந்நீரை வேறொரு பாத்திரத்தில் ஊற்றவும். நீர் தீரும்வரை இப்படியே செய்யவும்.

5. எண்களைக் கூட்டவும். உதாரணம்: 20.0 + 20.0 + 6.4 = 46.4 மி.மீ. இன்றைய தேதியில் எழுதவும்.

6. பாத்திரத்திலுள்ள நீரை மீண்டும் ஒருமுறை அளக்கவும். முதல் அளவுக்கும் இதற்கும் 0.5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாம் முறை அளக்கவும். அதன்பின் நீரைக் கொட்டவும்.

நீரைக் கொட்டுவது ஏன் கடைசி வரி என்று கவனித்தீர்களா? இந்த வேலையில் திருத்த முடியாத செயல் அது ஒன்றுதான். கொட்டிய மழையை மறுபடி அளக்க முடியாது. காலிப் பாட்டிலை முதலிலேயே மாற்றி வைப்பதற்கும் காரணம் உண்டு: 8.30க்கு மழை பெய்துகொண்டிருந்தால், நாம் மேசையில் அளக்கும் நேரத்து மழை வீணாகாது. மூன்றாம் வரியில் வெளிக்கலத்தைப் பார்க்கச் சொன்னதும் அப்படித்தான். 4 லிட்டர் பாட்டில் 200 மி.மீ. மழையோடு நிரம்பிவிடும். புயல் நாளில் அதற்கு மேலும் பெய்யலாம். மீதி நீர் வழிந்து வெளிக்கலத்தில் கிடக்கும். பாட்டிலை மட்டும் அளப்பவர் எவ்வளவு பெய்தாலும் 200 என்றே எழுதுவார். பதிவேட்டில் பாட்டில் கொள்ளும் அளவே சரியாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

காரணங்களையெல்லாம் குறிப்பிலேயே எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். மழையில் நனைந்துகொண்டு நிற்பவருக்கு வேண்டியது அடுத்துச் செய்ய வேண்டியது மட்டும். காரணங்களைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

குறிப்பு சரிதானா என்று கண்டுபிடிக்க மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 500 மில்லிலிட்டர் நீரை அளந்து புனலில் மெதுவாக ஊற்றுங்கள். விடை 25.0 மி.மீ. என்று உங்களுக்குத் தெரியும். மழைமானியைத் தொட்டே பார்த்திராத நண்பருக்குத் தெரியாது. குறிப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வாயைத் திறக்காதீர்கள், கையால் காட்டவும் கூடாது. இது நினைப்பதைவிடக் கடினம்! அவர் எங்கே தயங்குகிறாரோ, எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியில் ஒரு குறியிடுங்கள். புனலைத் திருகிக் கழற்றுவதா, தூக்கிக் கழற்றுவதா என்று அவர் நிற்கலாம். சாவி எங்கே தொங்குகிறது என்று தேடலாம். (பல அலுவலகங்களில் சாவி விடுப்பில் போனவரின் சட்டைப்பையில் இருக்கும்!) அவர் 24.8 என்று சொன்னால் கவலையில்லை. பாத்திரங்களின் சுவரில் ஒட்டிய நீர் அது. 50 என்றால் குவளையைப் பாருங்கள். 20 என்றால் முதற்குவளையோடு நிறுத்திவிட்டார்; நான்காம் வரியின் கடைசி வாக்கியம் அவர் கண்ணில் படவில்லை, அதைத் தனி வரியாக்குங்கள்.

குறியிட்ட இடங்களைத் திருத்தியபின் அதே நண்பரிடம் மறுபடி சோதிக்கக் கூடாது. அவர் இப்போது புதியவர் அல்லர். வேறொருவரை அழையுங்கள். தாளின் அடியில் திருத்திய தேதியை எழுதி, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதைக் குவளை இருக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மழைமானியை மாற்றிய அன்றைக்கே முதல் வரியிலுள்ள '200' என்ற எண்ணையும் மாற்ற வேண்டும்.