18 வயது கடந்த மகனின் வங்கிக் கணக்கு: காப்பாளரிடம் கேட்கப்படும் ஆவணங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் நம்மிடம் வந்தார். கணவர் வஃபாத்தாகி நாற்பது நாள் கூட ஆகவில்லை. 23 வயது மகனுக்கு அறிவுசார் குறைபாடு. பேசுவான், தானாகச் சாப்பிடுவான். பணத்தின் மதிப்பு மட்டும் அவனுக்குத் தெரியாது. "ஹஜ்ரத், மகன் கணக்குல இருக்குற பணத்தை எடுக்க முடியாதுன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. நீங்க ஜமாஅத்துல ஒரு கடிதம் கொடுத்தா போதுமா?" என்று கேட்டார்.

கடிதம் கொடுக்க நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அதை வைத்து வங்கியில் ஒரு ரூபாய் கூட எடுக்க முடியாது. இந்த நிலையில் பல குடும்பங்கள் இருப்பதால், அந்தத் தாயாருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறோம்.

மகன் சிறுவனாக இருந்தபோது தந்தையே காப்பாளராக இருந்து சேமிப்புக் கணக்கு தொடங்கியிருந்தார். 18 வயது நிறைவடைந்ததும் அந்த அதிகாரம் தானாகவே முடிந்துவிடுகிறது. அதன்பின் சட்டத்தின் பார்வையில் அவன் வயது வந்தவன்; கணக்கை அவனே இயக்க வேண்டும். அவனால் இயலாது என்றால், அவனுக்காகக் கையெழுத்திட இவருக்கு உரிமை உண்டு என்று அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பு எழுதித் தந்திருக்க வேண்டும். பெற்ற தாய் என்பதாலோ, உடன்பிறந்த அண்ணன் என்பதாலோ அந்த உரிமை வந்துவிடாது. இந்தக் குடும்பத்தில் தந்தை ஏ.டி.எம். அட்டையை வைத்தே ஐந்து வருடம் சமாளித்திருக்கிறார். அட்டை காலாவதியானதும் வழி அடைபட்டது. மாதந்தோறும் வந்த 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் கணக்கிலேயே தங்கிவிட்டது.

அந்த உரிமையைத் தருவது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். மனநோய்க்கு இந்த வழி கிடையாது. அதற்குத் தனிச் சட்டமும் நீதிமன்றமும் இருக்கின்றன. இச்சட்டப்படி மாவட்டந்தோறும் ஒரு உள்ளூர் அளவிலான குழு உண்டு. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் அதில் இருப்பார்கள். சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று தருவது இந்தக் குழுதான். தமிழ்நாட்டில் இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை.

விண்ணப்பத்துடன் மகனின் மாற்றுத்திறனாளி சான்று, வயதுச் சான்று, இருவரின் ஆதார், புகைப்படங்கள், உறவைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. தந்தை இறந்துவிட்டதால் இறப்புச் சான்றும் தேவைப்பட்டது. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால் இருவருமே சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. தாயும் தந்தையும் இல்லாத இடத்தில் உறவினர் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் ஓரிடத்தை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். காப்பாளர் கேட்பது மகனின் பராமரிப்புக்கு மட்டுமா, சொத்துக்கும் சேர்த்தா என்பதுதான் அது. பலர் பராமரிப்பை மட்டும் குறிப்பிட்டுவிடுகிறார்கள். சான்று கைக்கு வரும். ஆனால் பணத்தைக் கையாளும் அதிகாரம் அதில் இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிடும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுத்திறனாளி சான்றில் வேறு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயர் சேர்ந்து ஒரு விதம் என்று இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றாகத் திருத்திக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளின் அரபுப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம்.

சான்று கிடைத்ததும் வங்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை இவைதான்: பாதுகாவலர் சான்றின் அசலும் நகலும், மகனின் ஆதார், புகைப்படம், மாற்றுத்திறனாளி சான்று, தாயாரின் ஆதார், புகைப்படம், பான் அட்டை. மகனுக்குப் பான் அட்டை இல்லையென்றால் அதற்கான படிவத்தை நிரப்பித் தர வேண்டும். பணம் மகனுடையது, கையெழுத்து தாயாருடையது என்பது புத்தகத்திலேயே தெரியும்படி கணக்கு மகன் பெயரில், காப்பாளராகத் தாயார் பெயர் குறிக்கப்பட்டு இருக்க வேண்டும். "கூட்டுக் கணக்காக மாற்றிவிடலாமே" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கும் மகனின் சம்மதக் கையெழுத்து தேவை. புரியாமல் இட்ட கைரேகை பின்னால் வழக்காகும். தாயின் பணமும் மகனின் பணமும் கலந்தும் போகும்.

நாம் சொன்ன தாயாரிடம் முதலில் போன கிளையில், "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார்கள். இது தவறு. உள்ளூர் அளவிலான குழு தரும் சான்றை ஏற்றுக் கணக்கு தொடங்கவும் இயக்கவும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2007லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுறுத்தலைச் சுட்டிக்காட்டி எழுத்தில் மனு கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். அந்தத் தாயாருக்கு எழுத்தில் மனு கொடுத்ததுமே வேலை நடந்தது.

கணக்கு இயங்கத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. தந்தை விட்டுச் சென்ற ரொக்கத்தில், கடனும் வசிய்யத்தும் போக 2,40,000 ரூபாய் இருந்தது. வாரிசுகள் மனைவி, இந்த மகன், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. மீதி 2,10,000ஐ ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் மகனுக்கு 1,40,000, மகளுக்கு 70,000. "அவனுக்கு எதுவும் தெரியாது, நானே வைத்துக்கொள்கிறேன்" என்றார் தாயார். புத்தி குறைவு பங்கைக் குறைக்காது. அந்த 1,40,000 அவன் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னோம், அப்படியே செய்தார்.

இதைச் சட்டமும் கணக்குப் பார்க்கிறது. நியமனம் பெற்ற ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைக் காப்பாளர் குழுவிடம் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30க்குள், வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். பிள்ளையின் பணத்தைத் தவறாகக் கையாண்டால் குழு காப்பாளரை நீக்க முடியும். எனவே அவன் மருந்து, உடை, உணவுக்கு எடுத்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, ரசீதைச் செருகி வைத்தாலே போதும். அந்தத் தாயாருக்கு நோட்டு எழுதுவது இப்போது மகள்.

இரண்டு எல்லைகளையும் சொல்லிவிடுகிறோம். குறைபாடு லேசாக இருந்து, தன் பணத்தைப் புரிந்து கையாளக் கூடியவருக்குக் காப்பாளரே தேவையில்லை. அவர் தானே கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்து, இந்தச் சான்று காப்பாளரின் ஆயுளோடு முடிந்துவிடும். வாரிசுக்கு மாறாது. தாயாருக்குப் பின் யார் என்று கேட்டபோது மகள் பெயரைச் சொன்னார்கள். அன்று அவள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கான நகல்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் போட்டு, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை அவளுக்கு இன்றே காட்டி வைக்கச் சொன்னோம்.