எத்தனை நாளைக்கு?

சாந்திபுரத்து மருந்துக் கடையொன்றில், பன்னிரண்டு வயது மகனின் தொண்டைப் புண்ணுக்கான சீட்டை நீட்டினோம். அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், காலை மாலை ஒவ்வொன்று என்றிருந்தது; நாட்கணக்கு இல்லை.

“ஓர் அட்டை, பத்துக் குளிகை போதுமே” என்றோம். (சிக்கனம் நமக்குப் பழக்கந்தானே!)

மருந்தாளுநர் இசையவில்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, சீட்டில் வேளையளவோடு மொத்த அளவும் இருத்தல் வேண்டுமாம். அவர் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து, பெயர், வயது, மருந்து, அளவு யாவும் படித்துக் காட்டி வினவினார். “பத்து நாள்” என்ற விடையைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, சீட்டில் தேதியிட்டுக் குறித்துக்கொண்டார்.

இருபது குளிகை! நாம் கேட்டதோ பாதி. அவ்வகைத் தொண்டைக் கிருமி முற்றும் அழியாவிடில், வாதக் காய்ச்சல் தோன்றி இருதயத்தையும் தாக்கக்கூடும் என்றார்.