கோட்டின் மேல் எழுதும் சொல்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் படித்து முடித்த மாணவரிடம் அதை வரைபடமாகப் போடச் சொன்னால், பெரும்பாலும் மன வரைபடம்தான் வரும். நடுவில் தலைப்பு, சுற்றிலும் சூரிய ஒளி, நீர், பச்சையம், குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று வண்ணக் கிளைகள். 1970களில் பிரிட்டனின் டோனி புசான் பரப்பிய முறை இது. பாடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று நினைவிலிருந்து கொட்டிப் பார்க்க மிகவும் உதவும். ஆனால் நீரும் ஆக்சிஜனும் அதில் தனித்தனிக் கிளைகளாக நிற்கும். நீர் பிளவுபடுவதால்தான் ஆக்சிஜன் வெளிவருகிறது என்ற செய்திக்கு அங்கே இடமே இல்லை.

கருத்து வரைபடம் அந்த இடத்தைத் தருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவினரும், சிறுவர்களின் அறிவியல் புரிதல் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தபோது உருவாக்கியது அது. இரண்டு கட்டங்களை அம்புக்குறியால் இணைத்து, அம்பின் மேல் ஒரு சொல் எழுத வேண்டும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வரவேண்டும். வாக்கியம் என்றால் அது சரியா தவறா என்று கேட்டுவிடலாம். என் பார்வையில் இரண்டு முறைகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான்.

‘பகலில் இலை சுவாசிக்கிறதா?’ என்ற கேள்வியைத் தாளின் மேலே எழுதிக்கொள்வோம். ‘ஒளிச்சேர்க்கை – உருவாக்குகிறது – குளுக்கோஸ்’. அடுத்து, ‘செல் சுவாசம் – சிதைக்கிறது – குளுக்கோஸ்’. ‘செல் சுவாசம் – நடைபெறுவது –’ என்று எழுதும்போது பலர் ‘இரவில்’ என்று முடிப்பார்கள். மன வரைபடத்தில் ஒளிந்திருந்த தவறு இங்கே எழுத்தாக வெளியே வந்துவிடுகிறது. உண்மையில் சுவாசம் இரவும் பகலும் நடக்கிறது. நல்ல வெயிலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதைவிட அதிகம். சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடை இலையே எடுத்துக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே ‘கார்பன் டைஆக்சைடு’ கட்டத்திலிருந்து ஒளிச்சேர்க்கைக்கு இன்னோர் அம்பு போகவேண்டும். தொலைவிலுள்ள இரு பகுதிகளை இப்படிக் குறுக்கே இணைக்கும் அம்புகளைத்தான் ஆசிரியர் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

அம்பின் மேல் ‘தொடர்புடையது’ என்று எழுதினால் அது வெறும் கோடுதான். வரலாற்றில் ‘காரணம்’ என்ற சொல்லும் அப்படித்தான். பிரெஞ்சுப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் போருக்குச் செய்த செலவு அரசின் கடனைப் பெருக்கியது. கடன், 1789 மே மாதம் எஸ்டேட்ஸ் ஜெனரல் சபையைக் கூட்டும் நிலைக்குப் பதினாறாம் லூயியைத் தள்ளியது. இன்னொரு பக்கம், 1788இன் மோசமான விளைச்சல் ரொட்டி விலையை உயர்த்தியது. விலை பாரிஸ் மக்களைக் கொதிக்க வைத்தது. பெருக்கியது, தள்ளியது, உயர்த்தியது என்று வினைகளை எழுதும்போதுதான் இவை தனித்தனியே தொடங்கிய இரண்டு சங்கிலிகள் என்பதும், 1789 கோடையில் அவை ஒன்றுசேர்ந்தன என்பதும் தெரிகின்றன.

இதற்கு நேரம் பிடிக்கும். கட்டங்கள் இருபத்தைந்தைத் தாண்டினால் வரைந்தவருக்கே வழி தவறும். அதனால் பாடத்தைத் திரட்ட முதலில் மன வரைபடம் போட்டு, அதில் ‘ஏன்’, ‘எப்படி’ என்ற கேள்வி எழும் பகுதியை மட்டும் கருத்து வரைபடமாக மாற்றுவது நல்லது. எது முன், எது பின் என்பது மட்டுமே கேள்வியானால் இரண்டும் வேண்டாம், ஒரு காலக்கோடு போதும்.