கோவும் பவும் ஒரே சட்டத்துக்குள்

மணமகன் கோபி, மணமகள் பவித்ரா என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகையின் முகப்பில் 'கோ', 'ப' இரண்டையும் சேர்த்து ஒரு முத்திரை வேண்டும். சிக்கல் உடனே தெரியும்: 'கோ'வுக்கு இரட்டைக் கொம்பு, க, துணைக்கால் என மூன்று உறுப்புகள், 'ப'வோ மூன்றே நேர்கோடு. அருகருகே வைத்தால் மாப்பிள்ளை வீடே முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

'ப'வைப் பெரிதாக்கினால் அதன் கோடும் தடித்துவிடும். அதனால் உயரத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டி, கோட்டின் தடிமன் 'கோ'வோடு ஒத்திருக்கும்படி மறுபடி வரைய வேண்டும். 'கோ'வின் துணைக்காலை 'ப'வின் இடக்கோட்டோடு ஒட்டவைப்பது அழகாகத் தோன்றும்; ஆனால் எது எந்த எழுத்து என்று பாட்டிக்குப் புரியாது. இடைவெளி விடுவதே மேல்.

இந்த ஜோடிக்கு வட்டச் சட்டம் பொருந்தாது, 'ப'வின் மூலைகள் முட்டும். எழுத்துக்கோட்டில் பாதித் தடிமனில் ஒற்றைக்கோட்டுச் செவ்வகம் போதும். மயில், கலசம் எல்லாம் உள் பக்கத்துக்குப் போகட்டும்.

தங்க ஃபாயில் அச்சென்றால், அசல் அளவில், அதே அட்டையில் ஒன்று அடித்துப் பாருங்கள். கொம்பின் சுழி அடைத்துக்கொண்டால் 'கோ' 'கொ'வாகத் தெரியும். அப்போது சுழியை அகலமாக்கச் சொல்லுங்கள்.