பிழை காணல்: ஆங்கில இலக்கணத் தொடர் – 11
வற்புறுத்தலும் சாதித்தலும்

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் விதியும், முதன்மை வாக்கியம் இறந்த காலத்தில் இருந்தால் துணை வாக்கியமும் பின்னோக்கி நகரும் விதியும் முன் இதழ்களில் விளக்கப்பட்டுவிட்டன. அவ்விரண்டும் ஒருசேரச் செயலிழக்கும் இடம் இந்த வாரத்துக்கு உரியது.

‘தி சேர்மன் இன்சிஸ்டட் / தட் தி டிரெஷரர் சப்மிட்ஸ் / தி அக்கவுண்ட்ஸ் பை நெக்ஸ்ட் ஃப்ரைடே / நோ எரர்’ என்று நான்கு பகுதிகளாகப் பிரித்த ஒரு வினாவை எடுத்துக்கொண்டால், பிழை இரண்டாம் பகுதியில் உள்ளது. பொருளாளர் ஒருவர் என்பதால் ‘சப்மிட்ஸ்’ பொருந்துவதாகத் தோன்றும். ‘இன்சிஸ்டட்’ இறந்த காலம் என்பதால் ‘சப்மிட்டட்’ என்று திருத்தவும் மனம் விரையும். ஆனால் விடை, எந்த விகுதியும் ஏற்காத ‘சப்மிட்’ என்பதே. இவ்வாறு காலத்துக்கும் எழுவாய்க்கும் வளைந்துகொடுக்காமல், இன்னும் நிகழாத ஒன்றை நிகழ வேண்டியதாகக் கூறும் வினைவடிவத்தைத்தான் ஆங்கில இலக்கண நூலார் சப்ஜங்டிவ் என்கின்றனர். ‘இஸ்’, ‘வாஸ்’ வரவேண்டிய இடத்தில் இது ‘பி’ என்று நிற்கும். எதிர்மறையில் ‘டஸ்’, ‘டிட்’ எனும் துணைவினைகளை நாடாமல், ‘நாட் பி’, ‘நாட் சப்மிட்’ என்று ‘நாட்’ மட்டும் முன்னால் வரும்.

எழுவாய் பன்மையாக இருந்தால் ‘தே சப்மிட்’ என்பது இயல்பான நிகழ்கால வினையிலும் சப்ஜங்டிவிலும் ஒரே உருவம் கொள்வதால், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைநிலைக்கெனத் தனி விகுதிகள் இருந்து, பின்னர் தேய்ந்து மறைந்ததே இதற்குக் காரணம். ஆகவே வினா அமைப்போர் பெரும்பாலும் படர்க்கை ஒருமை எழுவாயையோ ‘பி’ வினையையோ தேர்ந்துகொள்வர். ‘தட்’ என்பதற்குப் பின் இவ்விரண்டில் ஒன்று வந்தால் அங்கே நின்று படிப்பது நல்லது.

‘இன்சிஸ்ட்’ கண்டவுடனே விதியைப் பொருத்துவோர் சறுக்கும் இடமும் உண்டு. ‘தி விட்னஸ் இன்சிஸ்டட் தட் தி டிரைவர் வாஸ் ட்ரங்க்’ என்பதில் சாட்சி எதையும் செய்யச் சொல்லவில்லை. ஓட்டுநர் குடித்திருந்தார் என்று சாதிக்கிறார். நடந்ததாகக் கூறப்படும் செய்தி ஆதலால் ‘வாஸ்’ சரியே. ‘பி’ என்று மாற்றினால் ஓட்டுநர் குடித்திருந்தே ஆகவேண்டும் என்று சாட்சி வற்புறுத்தியதாகப் பொருள் திரியும். ‘சஜெஸ்ட்’ என்பதும் இவ்வாறே இருமுகம் கொண்டது: ‘தி ஃபுட்பிரிண்ட்ஸ் சஜெஸ்ட் தட் தி தீஃப் வாஸ் லேம்’ எனும்போது காலடித் தடங்கள் யோசனை சொல்லவில்லை, திருடன் நொண்டி என்று உய்த்துணர வைக்கின்றன, எனவே அங்கும் பிழை இல்லை. ‘தட்’ வாக்கியத்துடன் வரும் ‘டிமாண்ட்’ கோரிக்கையையே குறிப்பதால் அதில் இக்குழப்பம் எழுவதில்லை.

இந்த விதி ஆங்கிலம் வழங்கும் எல்லா நாடுகளிலும் ஒரே வலிமையுடன் நிற்கவில்லை என்பது இத்தொடரின் வாசகர் அவசியம் அறியத்தக்க, மிகுந்த சுவையுடைய செய்தி. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளை எடுத்து, பத்து லட்சம் சொற்களுக்கு பிரவுன் பல்கலைக்கழகத்தார் ஒரு தொகுப்பு உருவாக்கினர். அதே ஆண்டின் பிரிட்டிஷ் எழுத்துகளை அதே அளவில் லங்காஸ்டர், ஆஸ்லோ, பெர்கன் ஆகிய நகரங்களின் அறிஞர்கள் பின்னர்த் தொகுத்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, இத்தகைய வினைகளுக்குப் பின் அமெரிக்கர் பெரிதும் விகுதியற்ற வடிவத்தையும், பிரிட்டானியர் பெரிதும் ‘ஷுட்’ சேர்த்த வடிவத்தையும் எழுதியிருந்தது புலனாயிற்று. மறைந்துகொண்டிருப்பதாகக் கருதப்பட்ட வடிவம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தில் மீண்டும் தழைத்து, பிரிட்டனிலும் கால்கொண்டது. பழமையின் எச்சம் என்று பாடநூல்கள் ஒதுக்கிய ஒன்று புதுமையாகத் திரும்பி வந்த இந்த வரலாறு, இலக்கணத்தை உறைந்த சட்டமாகக் கற்பிப்பது எத்தனை தவறு என்பதைக் காட்டுகிறது.

தேர்வு எழுதுவோருக்கும் இதில் பயன் உண்டு. ‘தட் தி டிரெஷரர் ஷுட் சப்மிட்’ என்று வினாவில் இருந்தால் அதைப் பிழையெனக் குறிப்பது தவறு. அது பிரிட்டிஷ் மரபில் வேரூன்றிய வடிவம். பேச்சிலும் நாளிதழ்களிலும் பிரிட்டானியர் ‘சப்மிட்ஸ்’ என்றே சொல்வதும் உண்டு என்றாலும், முறையான எழுத்தை அளவுகோலாகக் கொள்ளும் வினாத்தாளில் அது பிழையாகவே கொள்ளப்படும்.

விருப்பத்தைக் கூறும் ‘விஷ்’ என்பதற்குப் பின் வரும் ‘வேர்’ இந்த இதழுக்கே உரியதாக இருந்தும், தொகுப்புகளின் கதை அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. ‘ஐ விஷ் மை ஃபாதர் வாஸ் ஹியர்’ என்பது பேச்சில் இயல்பு. முறையான எழுத்தில் ‘வேர்’ வேண்டும், ஏனெனில் தந்தை அங்கே இல்லை. ஆனால் ‘இஃப்’ வந்த இடமெல்லாம் ‘வேர்’ எழுதுவது இன்னொரு பிழை. நேற்று உண்மையிலேயே நடந்திருக்கக்கூடியதைப் பேசும்போது ‘வாஸ்’ என்பதே சரி. அந்தப் பகுப்பு அடுத்த இதழில் விரியும். அதுவரை ‘இன்சிஸ்ட்’ வரும் வாக்கியம் ஒவ்வொன்றிலும், பேசுபவர் வற்புறுத்துகிறாரா, சாதிக்கிறாரா என்று வாசகர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.