டிஸ்குக்குக் கோப்பு தெரியாது

சென்ற வாரம் அமேசான் கிளவுடில் ஒரு மெய்நிகர் சர்வரை ஓட விட்டோம். இப்போது அதற்கு 100 ஜிபி டிஸ்க் ஒன்றை மாட்டுகிறோம். இ.பி.எஸ். என்று பெயர். சர்வருக்குள் அது சொந்த டிஸ்க் போலத்தான் தெரியும். உண்மையில் அது வேறு இயந்திரத்தில் இருக்கிறது, நடுவே நெட்வொர்க்.

இந்த டிஸ்குக்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் தெரியாது. எண் போட்ட கட்டங்கள் மட்டுமே தெரியும். இதுதான் பிளாக் ஸ்டோரேஜ். எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற பேரேட்டை எழுதுவது சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம். சாதாரண ஃபைல் சிஸ்டம் போட்ட டிஸ்கை ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களில் மாட்டினால், இரண்டும் தனித்தனிப் பேரேடு எழுதி ஒன்றையொன்று அழித்துவிடும். பகிர வேண்டுமென்றால் ஃபைல் ஸ்டோரேஜ் தேவை. அங்கே பேரேடு சேமிப்பவர் பக்கமே இருக்கும். சர்வர்கள் கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும்.

மூன்றாவது வகை நாம் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது எதிர்ப்படுகிறது. ஸ்னாப்ஷாட் போய்ச் சேருமிடம் 2006இல் வந்த எஸ்3. அது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ். ஒரு பெயருக்கு ஒரு முழுப் பொட்டலம். நடுவில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது, பொட்டலத்தையே புதிதாகப் போட வேண்டும். டேட்டாபேஸ் ஓட்ட உதவாத குணம்தான். ஆனால் எடுத்த பிறகு மாறவே மாறாத ஸ்னாப்ஷாட்டுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை.

நம் டிஸ்கில் 40 ஜிபி எழுதியிருக்கிறோம். திங்களன்று எடுத்த முதல் ஸ்னாப்ஷாட் 40 ஜிபி. செவ்வாய்க்குள் 2 ஜிபி அளவு கட்டங்கள் மாறினால், இரண்டாவது அந்த 2 ஜிபியை மட்டும் சேமிக்கும். மீதிக்குத் திங்களின் கட்டங்களைச் சுட்டிக்காட்டும். திங்கள் ஸ்னாப்ஷாட்டை அழித்தாலும் செவ்வாயுடையது முழுதாகவே இருக்கும், ஏனெனில் அதற்கு வேண்டிய 38 ஜிபியை அமேசான் அழிக்காது. பழையதை நீக்கிவிட்டுப் பில் பாதியாகும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொரு ஏமாற்றம்: 10 ஜிபி கோப்பை நீக்கினாலும் ஸ்னாப்ஷாட் சுருங்காது. பேரேட்டில் ஒரு வரி அடிபட்டது, கட்டங்கள் அப்படியே கிடக்கின்றன. கோப்பு போனது டிஸ்குக்குத் தெரியாதே!

சர்வரின் மெமரியில் இருந்து இன்னும் டிஸ்குக்கு இறங்காதவை ஸ்னாப்ஷாட்டில் வராது. அதனால் `/data`வில் மாட்டிய டிஸ்கைச் சற்று நிறுத்த வேண்டும்:

```
sudo fsfreeze -f /data
sudo fsfreeze -u /data
```

முதல் கட்டளைக்குப் பின் ஸ்னாப்ஷாட்டைத் தொடங்கி, அது ஏற்கப்பட்டதும் இரண்டாவதைக் கொடுக்கலாம். நகல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மீட்கும்போது புது டிஸ்க் உடனே தயார் என்று காட்டும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் முதன்முறை படிக்கும்போதுதான் எஸ்3இலிருந்து வரும். மீட்ட டேட்டாபேஸ் முதலில் தவழ்ந்தால் பதறி இன்னொரு டிஸ்க் செய்யாதீர்கள், அதுவும் தவழும். எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை படித்துவிட்டுப் பிறகு வேலைக்கு விடுங்கள்.