வீடியோ ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்: குரூப்புக்கு அனுப்பும் முன்

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோவைப் போடுகிறோம். நம் கைபேசியில் அது உடனே ஓடுகிறது. மற்றவர்களின் கைபேசியில் அப்படியல்ல. வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருப்பவர்களுக்கு வீடியோ தானாக இறங்காதபடிதான் வாட்ஸ்அப்பின் தொடக்க அமைப்பு இருக்கிறது. அவர்களுக்குத் தெரிவது மங்கலான ஒரு படம், அதன்மேல் ஓர் அம்புக்குறி, எத்தனை எம்பி என்ற எண், கீழே நாம் எழுதிய கேப்ஷன். பெரும்பாலானோர் முதலில் படிப்பது அந்தக் கேப்ஷனைத்தான். சிலர் அதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும. வீடியோ பிடித்துப்போன ஒருவர் அதை கேலரியில் சேமித்துத் தன் ஸ்டேட்டஸில் வைக்கிறார். கேப்ஷன் கூட வராது. ஃபார்வர்டு செய்யும்போதும் கேப்ஷனை நீக்கிவிட்டு வீடியோவை மட்டும் அனுப்ப வழி இருக்கிறது. ஆக, நாம் சேர்த்து அனுப்பிய இரண்டும் போகிற வழியில் பிரிந்துவிடும். வீடியோவைப் பார்க்காதவருக்குக் கேப்ஷனே முழுச் செய்தியாக இருக்க வேண்டும். கேப்ஷன் கிடைக்காதவருக்கு வீடியோவே முழுச் செய்தியாக இருக்க வேண்டும். குரூப்புக்கு வீடியோ தயாரிக்கும் வேலை முழுவதும் இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

ஊர் மாரியம்மன் கோவில் குடமுழுக்கு அழைப்பை எடுத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் குரூப், பங்காளிகள் குரூப், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குரூப் என்று மூன்று இடங்களுக்கு அது போகவேண்டும்.

கேப்ஷனின் முதல் வரி

இப்படிப்பட்ட அழைப்புகளின் கேப்ஷன் வழக்கமாக எப்படித் தொடங்கும்? ஐந்தாறு கும்பிடும் கைகள், "ஓம் சக்தி", "அன்புடையீர், வணக்கம்", "எல்லாம் வல்ல அம்பாள் திருவருளால்" என்று வந்து, கடைசியில் "வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நடைபெற உள்ளது" என்று முடியும். அச்சடித்த பத்திரிகைக்கு இந்த வரிசை பொருந்தும். கையில் வாங்கியவர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார். வாட்ஸ்அப்பில் கேப்ஷன் நீண்டால் முதல் சில வரிகள் மட்டும் தெரியும், மிச்சம் மடிந்துவிடும். மடிந்ததை விரித்துப் படிக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. அதனால் என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி, எத்தனை மணி என்ற மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். அம்மனைப் போற்றும் வரிகளை வீடியோவின் தொடக்கத்தில் குரலில் சொல்லலாம். அங்கே அவற்றுக்கு அழகும் கூடும்.

"வருகிற ஞாயிறு" என்பதுதான் இந்தக் கேப்ஷனின் பெரிய குறை. செவ்வாய்க்கிழமை அனுப்பிய செய்தி, ஃபார்வர்டாகி அடுத்த திங்கட்கிழமை ஒருவருக்குக் கிடைக்கும். அவருக்கு எது வருகிற ஞாயிறு? தேதி, கிழமை இரண்டையும் எழுதுங்கள். ஒன்றில் தவறு நேர்ந்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். ஆண்டையும் எழுதுங்கள். இப்படிப்பட்ட வீடியோக்கள் மறுவருஷமும் எங்கிருந்தாவது கிளம்பி வரும். வெளிநாட்டுப் பிள்ளைகள் நேரலையில் பார்க்கப்போகிறார்கள் என்றால் "இந்திய நேரம்" என்று குறிப்பிடுவது அவசியம். நமக்குக் காலை 9 மணி என்றால் சிங்கப்பூரில் 11.30, துபாயில் 7.30.

மாற்றி எழுதிய கேப்ஷன் இப்படி இருக்கலாம்:

```
*மாரியம்மன் கோவில் குடமுழுக்கு*
*24.1.2027, ஞாயிறு, காலை 9.00 மணி*
(இந்திய நேரம்)

இடம்: வடக்குத் தெரு, (ஊர், வட்டம்)

- சனி மாலை 6.00: யாகசாலை பூஜை
- ஞாயிறு காலை 9.00: குடமுழுக்கு
- பகல் 12.00: அன்னதானம்

வழி: (வரைபட இணைப்பு)
விசாரிக்க: +91 (கைபேசி எண்)
விழாக் குழு, 5.1.2027
```

கடைசி வரியில் அனுப்பியவர் யார், எந்தத் தேதியில் எழுதியது என்று இருப்பதைக் கவனியுங்கள். ஃபார்வர்டு செய்த செய்தியில் முதலில் அனுப்பியவரின் பெயர் தெரியாது. அதை நாமே எழுதினால்தான் உண்டு. வரைபட இணைப்பையும் கேப்ஷனுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். லொகேஷனைத் தனிச் செய்தியாக அனுப்பினால் வீடியோ ஒரு குரூப்புக்குப் போகும், லொகேஷன் பின்தங்கிவிடும்.

நட்சத்திரக் குறியும் தமிழும்

சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட அதன் இரு பக்கமும் * இடவேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் சில நேரம் எழுத்து தடிக்காமல் நட்சத்திரங்கள் அப்படியே நின்றுவிடும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருப்பது ஒரு காரணம். இன்னொன்று தமிழில் அடிக்கடி நேர்வது: `*ஞாயிறு*அன்று` என்று மூடும் குறியை ஒட்டியே அடுத்த எழுத்தைத் தொடங்கிவிடுகிறோம். `*ஞாயிறு அன்று*` என்று முழுவதையும் உள்ளே வைத்துவிட்டால் சிக்கல் இல்லை. வேற்றுமை உருபுக்கும் இதுதான் முறை. `*கோவிலுக்கு*` என்று உருபையும் சேர்த்தே மூடுங்கள். இரண்டு வரிகள் தடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிக் குறிகள் வேண்டும். மாதிரியில் அப்படித்தான் இருக்கிறது.

பட்டியலுக்கு வரியின் தொடக்கத்தில் சிறு கோடு இட்டு, அதன்பின் ஓர் இடைவெளி விடவேண்டும். நட்சத்திரத்துக்கு இடைவெளி கூடாது, கோட்டுக்கு இடைவெளி வேண்டும். 2024இல் வந்த வசதி இது. பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு வெறும் கோடாகத் தெரியும். படிப்பதற்கு அதனால் இடையூறு இல்லை. தடித்த எழுத்து இரண்டு வரிகளோடு நிற்கட்டும். எல்லாமே தடித்தால் தேதி எது என்று கண் மறுபடியும் தேட வேண்டியதாகிவிடும்.

வீடியோவுக்குள் எழுதும் எழுத்து

இனி, கேப்ஷன் இல்லாமல் வீடியோ மட்டும் கிடைத்தவருக்கு என்ன செய்வது? தேதியும் இடமும் வீடியோவுக்குள்ளும் இருக்க வேண்டும். எழுத்தாகவும் குரலாகவும் இருக்க வேண்டும். பேருந்தில் ஒலியை அணைத்துப் பார்ப்பவருக்கு எழுத்து, கண் தெளியாத பெரியவர்களுக்குக் குரல். நாதஸ்வர இசை பின்னால் ஓடட்டும், தேதி சொல்லும் இடத்தில் மட்டும் அதைத் தாழ்த்திவிடுங்கள்.

எழுத்தில் எச்சரிக்கை தேவை. கைபேசியில் 1080பி அளவில் எடுத்த வீடியோ, நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி வரை போகும். வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. HD என்பதைத் தேர்ந்தெடுத்தால் குறைவாகச் சுருக்கும். அப்போதும் அது மூல வீடியோ அல்ல. இந்தச் சுருக்கத்தில் முகங்கள் ஓரளவு தப்பிவிடும், சின்ன எழுத்துகள் தப்பாது. தமிழில் முதலில் மறைவது புள்ளி. அதன்பின் சுழிகள் ஒட்டிக்கொண்டு ன எது, ண எது என்று தெரியாமல் போகும். எனவே மெல்லிய, வளைவு நெளிவான எழுத்துருவைத் தவிர்த்து, தடிப்பான எழுத்தைக் கறுப்புப் பட்டையின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வையுங்கள். ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். நாமே வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் அந்த எழுத்து திரையில் நிற்கட்டும்.

அந்த எழுத்தைத் திரையின் நடுப்பகுதியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. நெட்டுவாக்கில் எடுத்த வீடியோவைக் குரூப்பில் பார்க்கும்போது முன்னோட்டப் படத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும். ஸ்டேட்டஸில் வைத்தால் மேலே பெயரும் கீழே பதில் எழுதும் இடமும் வந்து மறைக்கும். முன்னோட்டமாகத் தெரிவது வீடியோவின் தொடக்கக் காட்சி என்பதையும் மறக்க வேண்டாம். எடிட் செய்யும் செயலிகள் இருட்டிலிருந்து மெல்ல வெளிச்சமாகும் தொடக்கத்தைப் போட்டுத் தரும். அப்படியே அனுப்பினால் குரூப்பில் வெறும் கறுப்புச் சதுரம்தான் விழும். அதை வெட்டிவிட்டு, கோபுரப் படத்தின் மேல் தேதி எழுதிய அட்டை முதல் நொடியிலேயே வரும்படி செய்யுங்கள். நீளம் ஒரு நிமிடத்தைத் தாண்டாமல் இருந்தால் இறக்குவதும் எளிது, ஸ்டேட்டஸிலும் துண்டாகாமல் நிற்கும்.

தரம் குறையக்கூடாது என்று சிலர் வீடியோவை டாக்குமெண்டாக அனுப்புகிறார்கள். குடும்பத்துக்குள் மூலப் பிரதியைச் சேமித்துவைக்க அது நல்ல வழி. அழைப்புக்கு அது ஆகாது. பெருத்த கோப்பாக இறங்கும். புதிய ஐபோனில் எடுத்த வீடியோ சில பழைய கைபேசிகளில் திறக்காமலும் போகலாம்.

ஃபார்வர்டு செய்வதா, புதிதாக அனுப்புவதா?

மற்றவர் அனுப்பியதை கேலரியில் சேமித்து மறுபடி அங்கிருந்து அனுப்பினால், சுருங்கிய வீடியோ இன்னொரு முறை சுருங்கும். இப்படி நான்கு கை மாறிய வீடியோவில் தேதியே படிக்க முடியாது. வாட்ஸ்அப்பிலிருந்து நேராக ஃபார்வர்டு செய்தால் அந்தச் சேதம் இல்லை. ஆனால் ஐந்து முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து ஃபார்வர்டான செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். அதன்பின் ஒரு நேரத்தில் ஒரு குரூப்புக்கு மட்டுமே அனுப்ப முடியும். வதந்திகளைத் தடுக்க 2020இல் வந்த கட்டுப்பாடு இது. கோவில் அழைப்பாக இருந்தாலும் அந்த அம்புக்குறியைப் பார்த்துத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே விழாக் குழுவில் ஒருவர் எடிட் செய்த மூலக் கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, முக்கியமான குரூப்புகளுக்கு அதிலிருந்தே நேரடியாக அனுப்புவது நல்லது.

நன்கொடைக்கான க்யூஆர் குறியீட்டை இந்த வீடியோவில் சேர்க்காதீர்கள். கை மாறும் வழியில் யாராவது அதை வேறொன்றாக மாற்றிவிட்டால் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. ரசீது எங்கே கிடைக்கும் என்று சொன்னால் போதும்.

அனுப்பும் முன்னும் பின்னும்

குரூப்புக்குப் போடும் முன் உங்கள் எண்ணுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது. பிறகு வீட்டிலேயே சின்னத் திரை உள்ள பழைய கைபேசிக்கு அனுப்பி மூன்றைச் சரிபாருங்கள். முன்னோட்டப் படத்தில் எழுத்து முழுசாகத் தெரிகிறதா? கேப்ஷனை விரிக்காமலே தேதி தெரிகிறதா? ஒலியை அணைத்துவிட்டு, கேப்ஷனையும் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் எங்கே, எப்போது என்று புரிகிறதா?

பிழை அதற்குப் பிறகும் வரலாம். கேப்ஷனை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் அதற்குள் யாராவது ஃபார்வர்டு செய்திருந்தால் அந்தப் பிரதி மாறாது. எல்லோருக்கும் டெலீட் செய்தாலும் வெளியே போன பிரதி நிற்கும். வீடியோவுக்குள் எழுதிய தேதியைத் திருத்தவே முடியாது. அப்படியானால் புதிய வீடியோவின் தொடக்க அட்டையிலும் கேப்ஷனின் முதல் வரியிலும் "திருத்தம்: காலை 10.00 மணி, முன்பு சொன்ன 9.00 அல்ல" என்று பழையதையும் சேர்த்துச் சொல்லி, முன்பு அனுப்பிய எல்லாக் குரூப்புகளுக்கும் அனுப்புங்கள். குரூப் அட்மினிடம் சொல்லி அதைப் பின் செய்யச் சொல்லுங்கள். 30 நாள் வரை மேலேயே நிற்கும். பழைய வீடியோவைப் பார்த்தவர் புதியதையும் பார்க்கும்போது, இரண்டில் எதை நம்புவது என்ற குழப்பம் அவருக்கு இருக்காது.